இரண்டு படங்களுக்கு நடுவே தொலைந்த ஒரு வரி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன மாதம் மழை விடுமுறை நாட்களில் பத்தாம் வகுப்புத் தமிழ் மாதிரி வினாத்தாளை நாங்கள் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினோம். பிள்ளைகள் வீட்டிலேயே எழுதி வந்தார்கள். திருத்தியபோது 14ஆம் வினாவில் மட்டும் பெரும்பாலானோர் ஒரே தவறைச் செய்திருந்தார்கள். அது பிள்ளைகளின் தவறே இல்லை என்று தெரியவந்ததால்தான் இந்தக் கடிதம்.

பொதுத்தேர்வுத் தமிழ்த் தாளின் முதல் பகுதியில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் வரும். அவற்றில் 12 முதல் 15 வரை உள்ள நான்கும் ஒரு பாடலைக் கொடுத்து, அதைப் படித்து விடை எழுதச் சொல்பவை. எங்கள் மாதிரித் தாளில் முல்லைப்பாட்டின் தொடக்க வரிகளைக் கொடுத்திருந்தோம். பாடலில் வந்துள்ள சொல்லிசை அளபெடை எது என்பது 14ஆம் வினா. பாடலும் வினாவும் முதல் பக்கத்தின் அடியில் முடிந்துவிட்டன. விடைகள் நான்கும் இரண்டாம் பக்கத்தின் உச்சியில் இரண்டு வரியாக இருந்தன. மேல் வரியில் (அ), (ஆ). கீழ் வரியில் (இ), (ஈ). சரியான விடையான "வளைஇ" (ஆ)வில் இருந்தது. (இ)யில் "மாஅல்" என்று கொடுத்திருந்தோம். அதுவும் அளபெடைதான், ஆனால் வேறு வகை.

பிள்ளைகள் பலர் (இ) என்று எழுதியிருந்தார்கள். அளபெடை வகைகளில் குழப்பம் இருக்கிறது என்று முடிவு செய்து, தமிழாசிரியர் இரண்டு பாடவேளை அதையே மறுபடி நடத்தினார். அப்புறம் ஒரு மாணவி கைபேசியைக் காட்டி, "ஐயா, இதில் அ, ஆ ரெண்டும் இல்லையே" என்றாள். நாங்கள் அனுப்பிய படத்தில் இரண்டாம் பக்கத்தின் முதல் வரியே இல்லை. இருந்த இரண்டில் எது அளபெடை என்று பார்த்து பிள்ளைகள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த மதிப்பெண்ணை எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம்.

வரி எப்படிப் போனது என்று பார்த்தோம். ஸ்கேன் செய்யும் செயலி காகிதத்தின் ஓரத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டுகிறது. எங்கள் மேசை விரிப்பு வெள்ளை, தாளும் வெள்ளை. விளிம்பு எங்கே என்று அதற்குத் தெரியாமல், எழுத்து நெருக்கமாகத் தொடங்கும் இடத்தில் வெட்டிவிட்டது. உச்சியில் ஒட்டியிருந்த ஒரு வரி அதில் போய்விட்டது.

பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாளைப் படம் எடுத்து வாங்கிக்கொள்கிறீர்கள், டியூஷனுக்கும் அனுப்புகிறீர்கள். அங்கேயும் இது நடக்கும். அதனால் படம் எடுக்கும்போது தாளைக் கரும்பச்சை, நீலம் போன்ற அடர்நிறத் துணி மேல் வையுங்கள். எடுத்த பிறகு, செயலி போட்டுக் காட்டும் வெட்டுக்கோட்டைப் பாருங்கள். காகிதத்துக்கு வெளியே துணி கொஞ்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோட்டைக் கையால் வெளியே இழுத்துவிட்டுச் சேமியுங்கள்.

இன்னொரு சிக்கல் தாளின் மடிப்பில் இருக்கிறது. எங்கள் வினாத்தாள் ஒரு பெரிய தாளை நடுவில் மடித்த நான்கு பக்கம். அதை விரித்து வெளிப்புறத்தைப் படம் எடுத்தால் இடப்பக்கம் நான்காம் பக்கமும் வலப்பக்கம் முதல் பக்கமும் வரும். உட்புறத்தை எடுத்தால் இரண்டும் மூன்றும் வரும். முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் ஒரே இதழின் முன்னும் பின்னும் என்பதால் எப்படி விரித்தாலும் ஒரே படத்தில் வராது. பாடல் ஒரு படத்தில், விடைகள் இன்னொரு படத்தில். பிள்ளை முதல் படத்தை இடமிருந்து வலமாகப் படித்தால் கடைசிப் பக்க வினாக்கள் முதலில் வந்து, பாடல் வலப்பக்கம் தனியாக நிற்கும். ஆகவே விரித்து எடுக்காமல், மடித்தபடியே ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். எடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் 1, 2, 3, 4 என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். குழுவில் படங்கள் முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் அந்த எண்ணை வைத்து வரிசைப்படுத்தலாம்.

சரி, வினா பக்கம் தாண்டுகிற இடத்தில் என்ன செய்வது? இரண்டாம் பக்கத்தில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில் முடியும் வினா என்றால் எளிது. தாளை விரித்தால் இரண்டும் அருகருகே இருக்கும், அதைச் சேர்த்து ஒரு படம் கூடுதலாக எடுத்தால் போதும். தனித்தனித் தாள்களாக இருந்தால், பாடல் உள்ள தாளின் அடிப்பகுதி மறையாதபடி அதற்குக் கீழே அடுத்த தாளின் மேற்பகுதியை வைத்து எடுக்கலாம். முன்னும் பின்னும் வரும்போதுதான் கொஞ்சம் வேலை இருக்கிறது. முதல் படத்தில் பாடலும் வினாவும் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, இரண்டாம் படத்தில் அந்த வினாவின் விடைகளை மட்டும் வெட்டி, கைபேசியின் படத்தொகுப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குங்கள். வெட்டும்போது பாடலுக்கு மேலே "12, 13, 14, 15 வினாக்களுக்கு விடை தருக" என்று இருக்கும் குறிப்பு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது விட்டுப்போனால் எந்த வினாக்கள் பாடலைச் சேர்ந்தவை என்றே பிள்ளைக்குத் தெரியாது. படம் சேர்க்க வராதவர்கள் கவலைப்பட வேண்டாம். பாடல் நாலைந்து வரிதான், பிள்ளையையே ஒரு தாளில் பார்த்து எழுதச் சொல்லி, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதச் சொல்லுங்கள். அளபெடைச் சொற்களில் அந்தத் தனி 'இ', 'அ' விட்டுப்போகாமல் எழுதுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

படம் முழுதாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பக்கம் மாறும் இடத்தில் உள்ள வினாவுக்கு அ, ஆ, இ, ஈ நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் (இ) என்று தொடங்கினால், முந்தைய பக்கத்தின் கடைசி வரி (ஆ)வில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நடுவில் ஏதோ போயிருக்கிறது. பாடலோ உரைப்பத்தியோ பாதி வாக்கியத்தில் நின்றாலும் அப்படித்தான். அனுப்பியவரிடம் அந்த ஓரத்தை மட்டும் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் பிள்ளை ஊகித்து எழுத வேண்டாம். வினா எண்ணுக்கு நேரே "விடைகள் முழுதாக இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகட்டும். திருத்தும் ஆசிரியருக்கு அதுதான் உண்மையில் உதவும். ஊகித்த விடையைப் பார்த்தால், தெரியாமல் எழுதியதா, பார்க்க முடியாமல் எழுதியதா என்று அவருக்குப் பிரித்தறிய வழியில்லை.

பள்ளியிலும் சிலவற்றை மாற்றியிருக்கிறோம். இனி எங்கள் தாள்களில் பாடலும் அதற்குரிய நான்கு வினாக்களும் விடைகளோடு ஒரே பக்கத்தில் இருக்கும். அதற்காக முந்தைய பக்கத்தின் அடியில் வெற்றிடம் விட நேர்ந்தால் விடுவோம். அதை அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். குழுவில் அனுப்பும் முன் வேறொரு ஆசிரியர் தன் கைபேசியில் திறந்து விடைகளை எண்ணிப் பார்ப்பார். ஆனால் பொதுத்தேர்வின் பழைய வினாத்தாள்களின் பக்க அமைப்பு எங்கள் கையில் இல்லை. அவற்றில் பக்கம் தாண்டும் வினாக்கள் வரத்தான் செய்யும், பிள்ளைகள் அவற்றை உங்கள் கைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள்.

14ஆம் வினாவுக்கு முழுப் படத்தை நாளை மாலை குழுவில் அனுப்புகிறோம். பிள்ளைகள் அந்த ஒரு வினாவை மட்டும் மறுபடி எழுதி, திங்கட்கிழமை தமிழாசிரியரிடம் கொடுக்கட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்