தம்பிக்கு, மேனேஜரைப் பார்க்கும் முன்

அன்புள்ள தம்பி,

உன் மெயிலைப் பார்த்ததும் எழுதுகிறேன். முந்தைய மெயில்களுக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டாதே. இங்கே குளிர், ஷிப்ட் முடிந்து வந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. மற்றபடி சௌக்கியம்.

240 பீஸ் கேட்கவேண்டிய இடத்தில் 240 பெட்டி என்று ஆர்டர் போய்விட்டது. பெட்டிக்கு 12 பீஸ். 80 பெட்டி லாரியில் ஏறிவிட்டது, மீதி 160 சப்ளையரிடம் இருக்கிறது. அப்படித்தானே?

முதலில் சப்ளையருக்குப் போன் போட்டு அந்த 160ஐ நிறுத்தி வைக்கச் சொல். ரத்து செய் என்று சொல்லிவிடாதே, அந்த அதிகாரம் மேனேஜருடையது. போனில் சொன்னதையே மெயிலிலும் போட்டுவிடு. சிஸ்டத்தில் பழைய ஆர்டரைத் திருத்தாதே, அழிக்காதே. தவறை மன்னிப்பார்கள், தடயத்தை மாற்றியதை மன்னிக்கமாட்டார்கள்.

உடனே மேனேஜரிடம் போ. நாளைக் காலை என்று தள்ளினால் அந்த 160ம் கிளம்பிவிடும். என்ன நடந்தது, இப்போது எங்கே நிற்கிறது, நீ என்ன செய்தாய், அவர் எதை முடிவு செய்யவேண்டும், இந்த வரிசையில் சொல். தேவை 20 பெட்டிதான். ஆக, 160 நின்றுவிட்டால் மிச்சம் 60 பெட்டிதான் பிரச்சினை. அதைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொண்டு விற்பதா என்று அவர் சொல்லட்டும். ஆனால் 160 நின்றது உறுதியாகும்வரை 220 உபரி என்றே சொல். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லி மறுநாள் கூட்டிச் சொன்னால் அதற்குப்பிறகு நீ சொல்லும் எந்தக் கணக்கும் எடுபடாது. மன்னிப்பு ஒரு தடவை போதும். பத்துத் தடவை கேட்டால் அவர் உன்னைத் தேற்ற உட்கார்ந்துவிடுவார், லாரி போய்க்கொண்டிருக்கும். "சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நீயாக வாயைவிடாதே. ஏதாவது காகிதத்தில் கையெழுத்து கேட்டால் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்துவிடு.

"நான் எதற்கும் லாயக்கில்லை" என்று எழுதியிருந்தாயே, அது இந்த ஆர்டரைப் பற்றிய பேச்சே இல்லை. ஒரு தாளில், பட்டனை அழுத்தும்முன் திரையில் என்ன தெரிந்தது என்று மட்டும் எழுது. யூனிட் கட்டத்தில் தானாகவே 'பெட்டி' நின்றதா? மொத்த பீஸ் எண்ணிக்கை எங்காவது தெரிந்ததா? இரண்டாவது ஆள் பார்த்தாரா? முடிவு தெரிந்தபிறகு எல்லாம் முன்பே தெரிந்திருக்கவேண்டியதாகத்தான் தோன்றும். அந்தத் தாளில் கவனக்குறைவு ஒரு வரியாக இருந்தால் இருக்கட்டும், ஒத்துக்கொள். மற்ற வரிகளைப் பிறகு, சூடு ஆறியதும் மேனேஜரிடம் காட்டலாம். அன்றே காட்டினால் சாக்கு என்று நினைப்பார். இன்னொன்று, இனி ஒரே ஆர்டரை ஐந்து தடவை சரிபார்க்கத் தோன்றும். பயத்தில் பார்க்கிற கண்ணுக்கு எதிரில் இருப்பது தெரியாது. யூனிட், மொத்தம் இரண்டையும் மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படி.

அம்மாவிடம் இப்போது சொல்லவேண்டாம், ஆனால் நேராகக் கேட்டால் மறைக்காதே. வீட்டில் எல்லாரும் கூடிப் பேசும் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது. ஞாயிறு போன் பண்ணும்போது ஸ்பீக்கரில் போடு, பேசாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மாதம் கொஞ்சம் குறைவாகத்தான் அனுப்ப முடிந்தது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். அப்பாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியாயிற்றா? டாக்டர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அக்கா மகளுக்குக் காலேஜ் அட்மிஷனுக்குக் கடைசித் தேதி என்ன என்று மாமாவிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அண்ணன்