பத்துப் பெட்டைகளும் முதல் எட்டு வாரங்களும்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் நிலத்தில் நாட்டுக்கோழி வளர்க்க முடிவு செய்திருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பெட்டைகள் இப்போது அடையில் இருக்கின்றன.

10 பெட்டைகளும் ஒரு சேவலும் தொடக்கத்துக்குப் போதும். ஒரு பெட்டை ஓர் ஈட்டில் 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். இரண்டு கோழிகளுக்கு 24 முட்டைகள் வைத்தால், 21ஆம் நாளில் ஏறத்தாழ 18 குஞ்சுகளை எதிர்பார்க்கலாம். அவற்றில் எத்தனை விற்பனை வரை பிழைக்கும் என்பதை முதல் எட்டு வாரங்களே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

அந்த வாரங்களில் நான் மிகவும் அஞ்சுவது வெள்ளைக்கழிச்சலுக்குத்தான். வெள்ளையும் பச்சையுமாகக் கழிவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும், சில நாட்களில் கழுத்து முறுக்கிக்கொள்வதும் அதன் அடையாளங்கள். வந்தபின் குணப்படுத்த மருந்தில்லை. தடுப்பூசி ஒன்றே வழி. 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் குடிநீரில் லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி என்பது வழக்கமான முறை. தடுப்பூசி போட்டும் கோழிகள் சாகின்றன என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். மருந்து வழியிலேயே வெப்பம் பட்டுக் கெட்டிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆகவே பனிக்கட்டியில் வைத்தே எடுத்து வாருங்கள். குடிநீரில் கொடுக்கும் நாளில் குளோரின் கலவாத நீரையே பயன்படுத்துங்கள். அதிகாலையில், குஞ்சுகள் தாகத்தோடு இருக்கும்போது வைத்தால் விரைவில் குடித்து முடித்துவிடும். வெளியிலிருந்து வாங்கும் கோழியை இரண்டு மூன்று வாரங்களாவது தனியே வைத்த பிறகே கூட்டத்தில் சேருங்கள்.

குஞ்சுகளுக்கு எட்டு வாரம் வரை, 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனம் வேண்டும். வெறும் குருணை போதாது. வளர்ந்தவை பகலில் மேய்ந்து புழுவும் கரையானும் புல்லும் தேடிக்கொள்ளும் என்பதால், மாலையில் தலைக்கு 40, 50 கிராம் தானியமும் தவிடும் புண்ணாக்கும் கலந்து கொடுத்தால் போதும். அந்தத் தீவனத்துக்காகவே அவை தாமாகக் கூண்டுக்குத் திரும்பும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை படிந்திருந்தால் கொட்டிவிடுங்கள். அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்துவிடும். முட்டை ஓடு மெலிந்தால் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்.

விற்பனையைப் பொறுத்தவரை, குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி சேவல்களாகவே இருக்கும். ஐந்தாறு மாதத்தில் ஒன்றேகால் கிலோவை எட்டியதும் அவற்றை உயிர் எடைக்கு விற்றுவிடுங்கள். அதன்பின் தின்னும் தீவனத்துக்கு ஏற்ப எடை ஏறுவதில்லை, சண்டையும் மிகும். சேவலோடு இருக்கும் பெட்டைகளின் முட்டையில் வெயில் காலத்தில் கரு வளரத் தொடங்கிவிடும். ஆகவே அன்றன்றே எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வாரத்துக்குள் விற்றுவிடுங்கள். வாடிக்கையாளர் ஒருமுறை கெட்ட முட்டையைக் கண்டால் மறுபடி வரமாட்டார். நோயுற்ற கோழியை மட்டும் எந்த விலைக்கும் விற்காதீர்கள். அது போகும் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் நோய் பரவும்.

கூண்டு எந்தத் திசை பார்த்து அமைகிறது, இரவில் கீரி நுழையாதபடி என்ன வலை அடிக்கிறீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்