மைத்துனர் கொண்டுவரும் பிளேஸ்டேஷன்

12-10-2025

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கல்யாண வேலைக்கு நடுவிலும் கேம் நினைப்பு விடவில்லை உனக்கு!

மைத்துனர் அமெரிக்காவிலிருந்து பிஎஸ்5 ப்ரோ கொண்டுவந்தால் கஸ்டம்ஸில் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். இந்த 2025 அக்டோபரில் அங்கே அதன் விலை வரி நீங்கலாக 750 டாலர். டாலர் 88 ரூபாய் என்று வைத்தால் 66,000. 2025-இல் உள்ள விதிப்படி இந்திய வம்சாவளியினர் ஒருவர் 50,000 ரூபாய் வரை சாமான்களைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். மீதி 16,000-க்கு 38.5 சதவீதம், அதாவது 6,160 ரூபாய். அடிப்படைத் தீர்வை 35, அதன் மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நல சர்சார்ஜ். அவ்வளவுதான்.

ஆனால் அந்த 50,000 எல்லாச் சாமானுக்கும் சேர்த்துத்தான். கல்யாணத்துக்கு வாங்கிய வாட்ச், சென்ட் பாட்டிலும் அதில் அடங்கும். கூட வரும் அக்காவின் சலுகையை மைத்துனருடையதோடு கூட்டி ஒரே கன்சோலுக்குக் காட்டவும் முடியாது. லேப்டாப் ஒன்றுக்குத் தனி விலக்கு உண்டு, கன்சோலுக்கு இல்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்வை கட்டுவோர் போகும் ரெட் சேனல் வழியாகவே வரச் சொல். பில் இல்லையென்றால் அதிகாரி இணையத்தில் பார்க்கும் விலைதான் விலை. கிரீன் சேனலில் நுழைந்து மாட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு. 6,000 ரூபாய்க்காக அந்த வம்பு தேவையா?

வாரண்டியைத்தான் நீ யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் வாங்கியதற்கு வாரண்டி அமெரிக்காவில்தான். இங்கே பழுதானால் காசு கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். 2025-இல் ப்ரோவை இந்தியாவில் விற்காததால் உதிரிபாகம் கிடைப்பதும் சிரமம். அதனால் மைத்துனர் அதை அங்கேயே பிரித்து, இரண்டு மூன்று நாள் கனமான கேம் ஒன்றை ஓட்டிப் பார்க்கட்டும். படம் விட்டுவிட்டுப் போனாலோ தானாக அணைந்தாலோ, கடை திருப்பி எடுக்கும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடலாம். டிஸ்க்கில் ஆடுவதாக இருந்தால் டிரைவைத் தனியாக வாங்க வேண்டும். ப்ரோவில் அது கிடையாது. கன்ட்ரோலருக்குள் லித்தியம் பேட்டரி இருக்கிறது, கைப்பையில் வைக்கச் சொல்.

வோல்டேஜுக்குப் பயப்படாதே. கன்சோலில் உள்ள லேபிளில் 100-240V, 50/60Hz என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகவே போடலாம். டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். கேபிளை மட்டும் மாற்று: பின்னால் உள்ள சாக்கெட் வடிவத்தைப் பார்த்து, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நம்மூர் கேபிள் வாங்கிவிடு. தளர்ந்த அடாப்டரில் செருகினால் பிளக் சூடேறும். லேபிளில் 120V மட்டும் இருந்தால் கதை வேறு. எக்ஸ்பாக்ஸ் 360-இன் அமெரிக்க பவர் பிரிக் அப்படித்தான், நேராகச் செருகினால் போச்சு.

தம்பி கேட்ட கிராபிக்ஸ் கார்டுக்கு வோல்டேஜ் கேள்வியே எழாது, அது கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 12 வோல்ட் எடுத்துக்கொள்கிறது. வாரண்டி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாங்குமுன் அதே மாடலின் அமெரிக்க கார்டை இந்தியாவில் ஏற்பார்களா என்று இங்குள்ள சர்வீஸ் சென்டரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்து. கார்டையும் கன்சோலையும் ஒருவரே கொண்டுவந்தால் தீர்வை எகிறும். அக்கா பெயரில் பில் போட்டு, அவர் பெட்டியில் வரட்டும்.

அன்புடன்,
மூர்த்தி