எங்கள் வரியில் எதைப் படித்தீர்கள் என்று காட்டுங்கள்

படம் உருவாக்கும் செயலிகளை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். மொழிப் பட்டியலில் தமிழ் இருந்ததை நம்பித்தான் உங்களில் ஒருவருடைய செயலிக்குச் சந்தா கட்டினோம். உள்ளே போனால் பொத்தான்கள் மட்டும்தான் தமிழில் இருக்கின்றன.

மார்கழிக் கோலப் போட்டி நோட்டீஸுக்காக நான் கேட்டது இது: "சாணம் தெளித்த வாசலில் அரிசி மாவால் போட்ட ஏழு புள்ளிச் சிக்குக் கோலம்". வந்தது ஒரு மலையும் ஏரியும். பிழைச் செய்தி எதுவும் இல்லை. கிரெடிட் மட்டும் கழிந்துவிட்டது.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட மாடலின் முதல் பதிப்புகளில் நாம் எழுதுவதைப் படிக்கும் பகுதியான கிளிப், பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்புகளில் பழகியது. எழுதியதை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக்கித்தான் அது படிக்கும்; 77 டோக்கனுக்கு மேல் வாங்காது. ஆங்கிலத்தில் ஒரு சாதாரணச் சொல் ஒரே டோக்கனில் அடங்கிவிடும். தமிழிலோ ஒவ்வொரு எழுத்தும் குறியும் மூன்று பைட். ஒரு சொல்லே பல துண்டாக உடைகிறது. வரி நீண்டால் வால் வெட்டுப்படும். தமிழில் அடைமொழிகள் முன்னால் வரும், கேட்கும் பொருள் கடைசியில்தான் வரும். ஆக, வெட்டுப்படுவது கோலமேதான். வெட்டியதை ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சரி, வாடிக்கையாளர் வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே ஒட்டிப் பார்த்தேன்:

```
vaasal la 7 pulli kolam, arisi maavu, colour vendam
```

பளீரென்று ஏழெட்டு வண்ணத்தில் வந்தது. அந்த வரியில் கருவிக்குப் பிடிபட்டது 'colour' மட்டும்தான் போலிருக்கிறது. வேண்டாம் என்று சொன்னதே வேண்டுகோளாகிவிட்டது.

புதிய கருவிகள் சில, நாங்கள் எழுதுவதை உள்ளுக்குள் ஆங்கிலமாக மாற்றி எழுதிக்கொள்கின்றன. அது நல்லதுதான். ஆனால் அந்த மாற்றத்தில் கோலம் ரங்கோலியாகிவிட்டால், புள்ளியைச் சுற்றி ஓடும் வெள்ளை இழை போய் வண்ணப்பொடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாற்றிய வரி கண்ணில் பட்டால் நாங்களே ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவோம். அது காட்டப்படாததால் குருட்டுத்தனமாகத் திரும்பத் திரும்பக் காசைக் கொட்டுகிறோம்.

நாளைக்கே தமிழை முழுதாகக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்கவில்லை. படம் போடும் முன், கருவி கடைசியில் படித்த வரியைக் காட்டுங்கள். எங்கே வெட்டியது என்று குறியிடுங்கள். எதுவும் புரியாவிட்டால் கிரெடிட்டைத் தொடாமல் புரியவில்லை என்று சொல்லுங்கள். அதுவரை மொழிப் பட்டியலில் தமிழுக்குப் பக்கத்தில் 'பொத்தான்களுக்கு மட்டும்' என்று எழுதி வையுங்கள். விற்கும்போது உண்மையைச் சொல்வது உங்கள் கடமை.

அப்புறம், இதற்கெல்லாம் புது மாடல் எதுவும் தேவையில்லை. அந்த வரி ஏற்கெனவே உங்கள் சர்வரில் இருக்கிறது. தயவுசெய்து அதை எங்கள் திரைக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சந்தா கட்டும் ஒரு வடிவமைப்பாளர்