கால்கரியிலிருந்து அம்மாவுக்கு

கால்கரி, கனடா,
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும், சித்தப்பா கொடுத்தனுப்பிய களிம்பும் வந்து சேர்ந்தன. என் கையில் இருப்பது நீங்கள் நினைத்ததுபோல் படர்தாமரை அல்ல, ஒருவகைக் கரப்பான் நோய். டாக்டர் இதை நம்முலர் எக்ஸிமா என்றார். முன்கைகளிலும், முழங்காலுக்குக் கீழே எலும்பு தட்டுப்படும் முன்புறத்திலும் சிறு கொப்புளங்கள் கிளம்பி, ஒன்றுசேர்ந்து, ஐந்து ரூபாய்க் காசளவு வட்டங்களாகி, நீர் கசிந்து பொருக்குத் தட்டின. படர்தாமரை என்றால் விளிம்பு தடித்து நடுப்பகுதி தெளிந்துவரும்; எனக்கோ வட்டம் முழுவதும் ஒரே தடிப்பு. ஆனாலும் டாக்டர் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், ஓரத்தைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இல்லை என்றார். ஆகவே இது யாருக்கும் ஒட்டாது.

நீங்கள் கேட்டபடி, இது ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்றால், எல்லாம் இந்த ஊர்க் குளிர்காலத்தின் வறட்சிதான். உறைகுளிர்க் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதையே உள்ளே இழுத்து ஹீட்டர் சூடாக்கும்போது அறையின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பி குறைந்த காலின் தோல்தான் முதலில் வெடிக்கிறது. அரிப்பெடுத்துச் சொறியச் சொறிய வெடிப்பு ஆழமாகி, ஆறத் தொடங்கிய இடமே மறுபடியும் கசிகிறது. தினமும் குளித்தால் தோல் இன்னும் வறளும் என்று எதிர்வீட்டு உக்ரைன் பாட்டி தலையில் அடித்துக்கொள்கிறார். டாக்டரோ, குளிக்கலாம், ஆனால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் முடித்து, ஈரம் காயுமுன் வாசலின் பூசவேண்டும் என்கிறார். கொல்லையில் அண்டா நிறையக் கொதிக்கும் வெந்நீரும், ஐப்பசி மழையின் ஈரக்காற்றும் எத்தனை முறை நினைவுக்கு வருகின்றன என்று எழுதினால் நீங்கள் அழுவீர்கள். காற்றை ஈரமாக்கும் கருவியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஹீட்டரருகே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். அதனால் பெரிய பயன் இல்லை.

வட்டங்களின் மேல் மட்டும் ஸ்டீராய்டு களிம்பைப் பூசுகிறேன். அரிப்பு அடங்கியதும் நிறுத்தினால் அதே இடத்தில் திரும்பிவிடுமாம். தடவிப் பார்த்தால் தடிப்பே தெரியாத வரை, இரண்டு மூன்று வாரம், டாக்டர் சொன்ன கணக்கில் தொடரவேண்டும். மஞ்சள் பொருக்கும் வலியும் வந்தால் கிருமி தொற்றியிருக்கிறது என்று பொருள். அப்போது வேறு மருந்து. ஆறிய இடத்துக் கருமை, நம் நிறத்துக்கு, மறைய மாதங்கள் ஆகும். அதைப் பார்த்து நோய் போகவில்லை என்று கவலைப்படாதீர்கள்.

சித்தப்பா அனுப்பிய குழாயின் உறையைப் படித்தேன். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. குமாரின் இடுப்பிலுள்ள படர்தாமரைக்கு அதையே பூசுவதாக எழுதியிருந்தீர்கள். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஸ்டீராய்டு முதலில் அரிப்பை அடக்கிவிட்டுப் பிறகு பூஞ்சையைப் பரவவிடும். அவனைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அந்தச் செலவையும், ஓடு மாற்றக் கொத்தனார் கேட்ட முன்பணத்தையும் மாதக் கடைசியில் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை மாமாவிடம் கைமாற்று வாங்கவேண்டாம்.

அன்புடன்,
முருகேசன்