ஒரு குப்பி போதுமா என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்

கடலூர், புதுச்சேரி வட்டார மகப்பேறு மருத்துவர்களுக்கும் ரத்த மையப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். ரத்த வங்கி ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நுட்பநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஆர்.எச். நெகட்டிவ் தாய்க்கு பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்பது இன்று நம் பகுதியின் சிறிய மருத்துவமனைகளிலும் வழக்கமாகிவிட்டது. ஆனால் எவ்வளவு போட வேண்டும் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. எல்லாத் தாய்மாருக்கும் ஒரே ஒரு குப்பிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் முறை கருவுற்ற ஒரு பெண் மறைமுக கூம்ப்ஸ் பரிசோதனைக்கு வந்தார். அவர் ரத்தத்தில் டி-க்கு எதிரான எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. தலைப்பிரசவத்தின்போது கொடுத்த சீட்டைக் காட்டி, "ஊசி போட்டாங்களே சார், பிறகு எப்படி வந்தது?" என்று கேட்டார். சீட்டில் ஊசியும் தேதியும் இருந்தன, காலக்கெடுவும் தவறவில்லை. கர்ப்ப காலத்திலேயே எதிர்ப்பொருள் உருவாகியிருக்கலாம். பிரசவத்தில் ஒரு குப்பிக்கு அடங்காத அளவு குழந்தையின் ரத்தம் கலந்திருக்கவும் கூடும். இவற்றுள் எது நடந்தது என்று அவருக்கு என்னால் சொல்ல முடியவில்லை; ஏனெனில் கலந்த ரத்தத்தை அன்று யாரும் எண்ணவில்லை.

300 மைக்ரோகிராம் கொண்ட ஒரு குப்பி, தாயின் உடலில் கலந்த குழந்தை ரத்தத்தில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டரை மட்டுமே சமாளிக்கும். பெரும்பாலான பிரசவங்களில் கலப்பது சில மில்லிலிட்டர்தான் என்பதால் ஒரு குப்பி போதுமானதாகிவிடுகிறது. ஆயிரம் பிரசவங்களில் ஏறத்தாழ மூன்றில் அது 30 மில்லிலிட்டரைத் தாண்டுகிறது. அந்த மூவர் யார் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தவர்கள், இரட்டைக் குழந்தை பெற்றவர்கள், வயிற்றில் அடிபட்டவர்கள் ஆகியோரை மட்டும் சோதித்தால் போதும் என்று சிலர் கருதுகிறார்கள். ஆனால் பெருமளவு கலப்பு நேர்ந்த பலரிடம் இத்தகைய காரணம் எதுவும் இருப்பதில்லை.

நான் எண்ணிய ஒரு நேர்வை விரிவாகச் சொல்கிறேன். தாய் ஓ நெகட்டிவ், குழந்தை ஓ பாசிட்டிவ், சுகப்பிரசவம். மறுநாள் காலை வழக்கப்படி 300 மைக்ரோகிராம் ஒரு குப்பி போடப்பட்டது. அன்று குழந்தையைப் பார்த்த குழந்தைகள் நல மருத்துவர், அது வெளிறி இருப்பதைக் கவனித்து ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், 8.6 என்று வந்தது. தாயின் ரத்தத்தில் குழந்தை ரத்தம் கலந்திருக்குமோ என்று அவருக்கு ஐயம் எழுந்தது. பிரசவமாகி இரண்டு மணி நேரத்துக்குள் வகை பார்க்க எடுத்த இ.டி.டி.ஏ. குழாய், நல்லவேளையாக எங்கள் குளிர்பெட்டியில் இருந்தது. ஊசிக்கு முன் எடுத்த மாதிரி என்பதால் அதையே எடுத்துக்கொண்டேன். ஊசி போட்ட பின் குழந்தையின் செல்கள் மெல்ல அழியத் தொடங்குவதால், பின்னர் எடுக்கும் மாதிரி உண்மை அளவைக் குறைத்துக் காட்டக்கூடும்.

செய்தது கிளைஹவர்-பெட்கே முறை. மெல்லிய ஸ்லைடு இழுத்து, உலர்த்தி, 80 சதவீத ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, பி.எச். 3.2 அளவுள்ள சிட்ரேட்-பாஸ்பேட் கரைசலில் வைத்தால், பெரியவர்களின் ஹீமோகுளோபின் அமிலத்தில் கரைந்து வெளியேறிவிடும். குழந்தையின் ஹீமோகுளோபின் கரையாமல் செல்லுக்குள்ளேயே நிற்கும். பிறகு இயோசின் ஏற்றினால் தாயின் செல்கள் வெறும் கூடுகளாகவும், குழந்தையின் செல்கள் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும் தெரியும். 2,000 செல்களை எண்ணியதில் 34 குழந்தையுடையவை, அதாவது 1.7 சதவீதம். தாயின் ரத்தத்தை 5,000 மில்லிலிட்டர் என்று கொண்டால், கலந்தது 85 மில்லிலிட்டர். மூன்று கிலோ எடையுள்ள குழந்தையின் ரத்தத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 85-ஐ 30-ஆல் வகுக்க 2.8 வருகிறது, அதை 3 ஆக்கி, கையால் எண்ணுவதில் வரும் பிழைக்காக ஒன்றைக் கூட்டினால் நான்கு குப்பிகள். ஒன்று ஏற்கெனவே போடப்பட்டிருந்ததால் மேலும் மூன்று குப்பிகள் 72 மணி நேரத்துக்குள்ளேயே போடப்பட்டன. பிறகு எடுத்த ஸ்லைடில் குழந்தையின் செல்கள் இல்லை. ஆறு மாதம் கழித்து, ஊசியின் தாக்கம் அடங்கிய பின் பார்த்த கூம்ப்ஸ் பரிசோதனையும் நெகட்டிவ். அன்று குழந்தையின் வெளிறலை ஒருவர் கவனித்திராவிட்டால், அந்தத் தாயும் ஒரு குப்பியோடு வீடு திரும்பியிருப்பார்.

இச்சோதனை பிழைக்கு இடமற்றது என்று நான் சொல்லவில்லை. ஸ்லைடு தடித்துவிட்டாலோ கரைசலின் பி.எச். ஏறிவிட்டாலோ தாயின் செல்களும் சிவந்து நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும், வளர்ந்த ஆணின் ரத்தத்தில் ஒரு ஸ்லைடும், அதே ரத்தத்தில் தொப்புள்கொடி ரத்தத்தை அறிந்த அளவில் கலந்து மற்றொரு ஸ்லைடும் உடன் போட வேண்டும். அவை சரியாக வராவிட்டால் தாயின் எண்ணிக்கையை வெளியிடக் கூடாது. தாயே தலசீமியா கூறு உடையவராக இருந்தால் அவருடைய செல்களிலும் குழந்தை ஹீமோகுளோபின் சிறிது இருக்கும். அப்போது அடர்சிவப்பும் வெளிறலும் மட்டுமாகப் பிரியாமல், இடைநிலை நிறத்தில் செல்கள் பரவலாகத் தெரியும். அந்த ஸ்லைடில் எண்ணி அளவு சொல்வது தவறு. ஆன்டி-டி கொண்டு குழந்தையின் செல்களை இனங்காணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி உள்ள இடத்துக்கு மாதிரியை அனுப்ப வேண்டும்.

இனி என் கோரிக்கை. பாசிட்டிவ் குழந்தை பெற்ற ஒவ்வொரு நெகட்டிவ் தாயிடமும் நஞ்சுக்கொடி வெளியேறி ஒரு மணி நேரம் ஆன பின், ஊசிக்கு முன், 2 மில்லிலிட்டர் ரத்தம் இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து வையுங்கள். முடிவு வரும்வரை முதல் குப்பியை நிறுத்தி வைக்க வேண்டாம். ஒவ்வொரு மருத்துவமனையும் இந்தச் சோதனையைத் தனியே செய்ய வேண்டியதில்லை. மாதம் ஒன்றிரண்டு ஸ்லைடு பார்க்கும் கை இதில் தேறாது. கடலூரில் ஒரு ரத்த மையமும் புதுச்சேரியில் ஒன்றும் பொறுப்பேற்றால் போதும். இரு ஊர்களுக்கும் இடையே பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாக ஆகலாம். 72 மணி நேரத்தில் மாதிரி போய், எண்ணி, பதில் வந்து சேரத் தாராளமாக நேரமிருக்கிறது. கெடு தவறினாலும் பத்து நாள் வரை ஊசி ஓரளவு பயன் தரும் என்பதால், தாமதமாக வந்த முடிவையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

எல்லாருக்கும் இரண்டு குப்பி போட்டுவிடலாமே என்று ஒரு மருத்துவர் என்னிடம் கேட்டார். மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கப்படும், ஆயிரக்கணக்கில் விலையுள்ள மருந்தைத் தேவையில்லாதவர்களுக்கு இரட்டிப்பாக்கிய பிறகும், நான் மேலே சொன்ன தாய்க்கு அது போதாமல்தான் போயிருக்கும்.

இறுதியாக, டிஸ்சார்ஜ் சீட்டில் "ஆன்டி-டி போடப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். 150 மைக்ரோகிராம் குப்பியும் புழக்கத்தில் இருப்பதால், "ஒரு குப்பி" என்பது அளவைச் சொல்லாது. எத்தனை மைக்ரோகிராம், எந்த நேரத்தில், கலந்த ரத்தம் எத்தனை மில்லிலிட்டர் என்று எழுதுங்கள். ஸ்லைடு இழுத்து எண்ணக் கற்றுக்கொள்ள விரும்பும் நுட்பநர்களுக்கு, நீங்கள் அழைக்கும் ஆய்வகத்துக்கே வந்து சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்த வங்கி ஆய்வக நுட்பநர்,
கடலூர் முதுநகர்