விரல் நுனியோடு வெட்டப்பட்ட படம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மழை வெள்ளத்துக்குப் பிறகு, எங்கள் ஊர்ப் பாடசாலையில் உலர் உணவுப் பொதி கொடுத்தது பற்றித் தங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் செய்தி போட்டிருந்தது. செய்தியில் பிழை இல்லை. வாடகை வீட்டில் இருக்கிறவர்களின் பெயர்கள் பட்டியலில் விடுபட்டுப் போனதால் பொதி கொடுப்பது மூன்று நாள் தள்ளிப்போனது என்று சரியாகத்தான் உங்கள் நிருபர் எழுதியிருந்தார். என் வருத்தம் அதற்கு மேலே இருந்த படத்தைப் பற்றியது. அதைவிடவும், படத்தின் கீழே இருந்த ஒரு வரியைப் பற்றியது: 'நிவாரணத்துக்காக முண்டியடிக்கும் மக்கள்.'

அன்று காலை ஏழரை மணியிலிருந்து நான் அங்கேதான் நின்றேன். முதியவர்களுக்கு வாங்கு தூக்கிப் போட்டேன், இலக்கம் எழுதிய துண்டு கொடுத்தேன். ஒருவரும் முண்டியடிக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர் அளவு இடைவெளி இருந்தது. குடை பிடித்தவர்களுக்கு அதற்கு மேலும் இருந்தது.

உங்கள் படத்தில் பொய் எதுவும் ஒட்டப்படவில்லை என்பதும் எனக்குத் தெரியும். திருகோணமலை என்.சி. வீதியில் 31 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். உங்களுக்குப் படம் அனுப்பிய தம்பி என் கடையில்தான் கமரா பிடிக்கப் பழகினான். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அவன் என்னிடம் காட்டினான். அவற்றில் நான்கை உங்களுக்கு அனுப்பியிருக்கிறான்.

முதல் படம் வரிசைக்கு முன்னால், முதல் ஆளிலிருந்து ஐந்து மீற்றர் தூரத்தில் நின்று 28 மில்லிமீற்றர் லென்ஸில் எடுத்தது. மேசை, பெயர் சரிபார்க்கும் உத்தியோகத்தர், வரிசை, பின்னால் மரத்தடி வாங்குகளில் இருக்கிற முதியவர்கள் எல்லாம் அதில் தெரிகின்றன. நீங்கள் போட்டது பாடசாலை வாசலில், நாற்பது மீற்றர் தள்ளி நின்று 200 மில்லிமீற்றரில் எடுத்தது. முதலில் நிற்கிறவர் இரண்டு படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். வித்தியாசம் பின்னால் நிற்கிறவர்களில் இருக்கிறது. வரிசையின் நீளம் இருபது மீற்றர் என்று வையுங்கள். ஐந்து மீற்றரில் நின்று எடுத்தால், கடைசி ஆள் கமராவிலிருந்து இருபத்தைந்து மீற்றர் தள்ளி நிற்கிறார். முதல் ஆளின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறுத்துவிடுகிறார். வரிசை நீண்டு போவது கண்ணுக்குப் புரிகிறது. நாற்பது மீற்றரில் நின்று எடுத்தால், கடைசி ஆள் அறுபது மீற்றரில் நிற்கிறார். அவர் முதல் ஆளில் மூன்றில் இரண்டு பங்குக்குத் தெரிவார். தலைக்கு மேல் தலையாக, எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பதுபோல இருக்கும். நடுவில் இருக்கிற ஒரு மீற்றர் இடைவெளி படத்தில் எங்கேயும் இல்லை.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் அல்ல. 2020 ஏப்ரலில், கொரோனா நேரம், டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் என்ற படச் செய்தி நிறுவனத்தின் படப்பிடிப்பாளர்கள் இருவர் ஒரே இடத்தில் நின்ற மக்களை அகன்ற லென்ஸிலும் தொலை லென்ஸிலும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றில் மக்கள் விலகி நின்றார்கள், மற்றதில் நெருக்கியடித்து நின்றார்கள். இரண்டும் உண்மையான படம்தான். எதை எடுத்து, கீழே என்ன எழுதுவது என்பது படப்பிடிப்பாளரைவிட மேசையில் இருக்கிறவரின் பொறுப்பு. தம்பி அனுப்பிய குறிப்பில் 'பதிவு சரிபார்க்க வரிசையில் நிற்கும் மக்கள்' என்றுதான் இருந்தது. அது உங்கள் அலுவலகத்தில்தான் 'முண்டியடிக்கும்' என்று மாறியது.

2005இல் அமெரிக்காவில் கத்ரினா புயல் வெள்ளத்தின்போது, நெஞ்சளவு தண்ணீரில் பொருட்களோடு நடந்த ஒரு கறுப்பு இளைஞனின் படத்துக்குக் கீழே 'கடையைச் சூறையாடிய பின்' என்றும், அதே நிலையில் நடந்த இரண்டு வெள்ளையரின் படத்துக்குக் கீழே 'கடையில் பாணும் சோடாவும் கண்டெடுத்த பின்' என்றும் இரண்டு செய்தி நிறுவனங்கள் எழுதின. எடுத்தவர்களும் வேறு, எழுதியவர்களும் வேறு. ஆனாலும் அந்த இரண்டு வரியையும் உலகம் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் சனமும் உங்கள் வரியை மறக்கப் போவதில்லை.

இனி அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். படத்தின் இடது ஓரத்தில், வாயைத் திறந்தபடி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். ஊரின் பெயரை எழுதினால் அவரை இன்னொரு தரம் காட்டிக்கொடுத்ததாகிவிடும், அதனால் எழுதவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து, இரண்டு சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கொடுத்துக் குடும்பம் நடத்துகிறவர். ஒருவரிடமும் கடன் கேட்டு நான் கண்டதில்லை.

தம்பியின் கமராவில் அந்தப் படத்தின் முழு அளவைப் பார்த்தேன். இடது பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் வெட்டியிருக்கிறீர்கள். வெட்டிய பகுதியில் மேசையும், மேசைக்குப் பின்னால் உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர் கையில் அந்தப் பெண்ணின் குடும்ப அட்டை. சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார், இவர் பெயரைச் சொல்லிக்கொண்டே வாங்குகிறார். அட்டைக்கும் விரலுக்கும் நடுவில் நான்கு அங்குலம்கூட இல்லை. நீங்கள் அவருடைய விரல் நுனியோடு படத்தை வெட்டிவிட்டீர்கள். அட்டை போய்விட்டது, நீட்டிய கை மட்டும் மிஞ்சிவிட்டது.

பேப்பர் வந்த அன்று, சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிற பொடியன் 'அக்கா, பேப்பரில கையேந்திக்கொண்டு நிக்கிறீங்க' என்று சொல்லியிருக்கிறான். அவன் கெட்டவன் இல்லை, படத்தில் தெரிந்ததைத்தான் சொன்னான். அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் அடுப்பு மூட்டவில்லை. நான் போய்க் கேட்டபோது, 'அண்ணே, நான் கையேந்தேல்ல. என்ட அட்டையத்தான் திருப்பி வாங்கினனான்' என்றார். அதையே இரண்டு தரம் சொன்னார்.

இந்தக் கோபம் ஒரு நாளில் வந்ததல்ல, ஐயா. முன்பு ஒருமுறை கடலில் வெடி வைத்து மீன் பிடித்த சிலர் பிடிபட்ட செய்திக்கு, பட்டப் பகலில் கரைவலை இழுக்கிறவர்களின் படத்தைப் போட்டீர்கள். ஆறு பேரின் முகமும் துல்லியமாகத் தெரிந்தது. கரைவலைக்காரரும் வெடிக்காரரும் ஒரே கடலில் தொழில் செய்கிறார்கள் என்பதைத் தவிர அந்தப் படத்துக்கும் செய்திக்கும் தொடர்பே இல்லை. வெடியால் மீன் குஞ்சுகள் செத்துப்போகின்றன என்று அதிகம் கத்துகிறவர்களே அந்தக் கரைவலைக்காரர்தான். மூலையில் 'கோப்புப் படம்' என்று சின்ன எழுத்தில் இருந்தது. அதை யார் படித்தார்கள்? முகத்தைத்தான் பார்த்தார்கள்.

திருகோணமலையில் எது நடந்தாலும், களவு போனாலும் வைத்தியசாலையில் மருந்து இல்லாவிட்டாலும், கோணேசர் கோபுரத்தையோ துறைமுகத்தையோ தலைப்படமாகப் போடுகிறீர்கள். அதனால் ஒருவருக்கும் அவமானம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் படம் செய்தியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு பிள்ளையின் உடலை ஏந்திக்கொண்டிருந்த தாய்மாரின் படங்கள் வந்தன. அன்று அவை வரத்தான் வேண்டும், என்ன நடந்தது என்று உலகத்துக்குக் காட்டின. நானும் அந்த நாட்களில் படம் எடுத்தவன். ஆனால் பல வருடம் கழித்து, பாடசாலையில் நடந்த ஒரு சுனாமி ஒத்திகைச் செய்திக்கு மேலே மறுபடியும் அப்படி ஒரு தாயின் முகம் வந்தது. அவருடைய மற்றப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பேப்பர் படிக்கிறார்கள். ஒத்திகைச் செய்திக்கு ஓடுகிற பிள்ளைகளின் படம் போதும்.

அழகான படங்களை மட்டும் போடச் சொல்லி நான் எழுதவில்லை. அன்று உண்மையாகவே தள்ளுமுள்ளு நடந்திருந்தால், அதையே தலைப்படமாகப் போடுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன். முகம் காட்டுவதும் தப்பில்லை. கேட்டுவிட்டு எடுத்த முகம் பல நேரம் முதுகைவிட மரியாதையாக இருக்கும்.

உங்களிடம் வந்த நான்கில் மூன்றாவது படத்தை ஏன் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பாடசாலைச் சுவரில் ஒட்டிய பெயர்ப் பட்டியலை நாலைந்து பேர் பார்க்கிறார்கள். பின்பக்கத்திலிருந்து எடுத்தது, முகம் இல்லை. நரைத்த தலை ஒருவர் பட்டியலில் விரலை வைத்துக் கீழே கீழே இறக்கிக்கொண்டே வருகிறார். ஈரத்தில் காகிதத்தின் ஒரு மூலை சுருண்டு கிடக்கிறது. உங்கள் செய்தி முழுவதும் அந்த விரலில் இருக்கிறது. பெயர் விடுபட்டதுதானே செய்தி? நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தவருக்குத் தாமதத்துக்குக் காரணம் சனத்தின் அவசரம் என்றுதான் படும். இந்தப் படத்தைப் பார்த்தால் பட்டியல்தான் காரணம் என்று புரியும். முதல் படத்தைப் போட்டிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் அதில் செய்திக்குப் பாதிப் பொருத்தம்தான். வரிசை தெரியும், பிழை எங்கே என்று தெரியாது.

நான் கேட்பது சின்ன விஷயம். 'முண்டியடிக்கும்' என்பது தவறு என்று முதல் பக்கத்திலேயே ஒரு திருத்தம் போடுங்கள். உள்ளே எட்டாம் பக்கத்தில் போட்டால் படம் பார்த்த சனம் அதைக் காணாது. இணையத்தில் அந்தச் செய்திக்கு மேலே இருக்கிற படத்தை மாற்றிவிடுங்கள், போனில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இனிமேல் படத்தின் கீழே எடுத்த திகதியையும் இடத்தையும் படிக்கக்கூடிய எழுத்தில் போடுங்கள்.

பட்டியல் படம் தம்பியிடம் முழு அளவில் இருக்கிறது. அதில் ஆள் அடையாள அட்டை இலக்கங்கள் வாசிக்கும்படி தெரிகின்றனவா என்று கணினியில் பெருக்கிப் பார்த்தேன். விரல்தான் தெளிவாக இருக்கிறது, இலக்கங்கள் கலங்கியிருக்கின்றன. பெயர்களில் மேலே இரண்டு வரி மட்டும் தெரிகிறது. அதை வெட்டிவிட்டுப் போடலாம்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரன்,
திருகோணமலை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)